அணில் படத்தைப் பார்த்து ‘உ’ என்று சொன்ன பிள்ளை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சுவரில் உயிரெழுத்துப் படங்கள் ஒட்டியிருந்தன. அ என்றால் அணில், ஆ என்றால் ஆடு, இ என்றால் இலை. தமிழ்நாட்டில் எழுத்து கற்ற யாருக்கும் அந்த வரிசை தூக்கத்திலும் வரும். படத்தின் பெயரைச் சொல், அதன் முதல் ஓசையைப் பிடி, அந்த ஓசைக்கு இந்த வடிவம் என்று மனத்தில் பதித்துக்கொள். அந்தப் படங்களின் வேலை அதுதான்.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியிடம் அணிலைக் காட்டி, “இது என்ன? முதலில் என்ன சத்தம் வருகிறது?” என்று கேட்டேன். அவள் தயங்காமல் “உ” என்றாள். ஆட்டைக் காட்டினேன். “மே” என்றாள். ஆடு கத்தும் ஒலியைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இலையைக் காட்டினேன். “ஆ” என்றாள். கவனமில்லாத பிள்ளை என்று முடிவு கட்டி அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன்.

அவள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தெலுங்கில் அணிலுக்கு ‘உடுத்த’ என்று பெயர். ஆடு ‘மேக்க’. இலை ‘ஆக்கு’. நான் கேட்டதை அவள் பிசகில்லாமல் செய்திருந்தாள். படத்தின் பெயரை மனத்துக்குள் சொல்லி, முதல் ஓசையைப் பிரித்து, என்னிடம் கொடுத்தாள். ஓசையைப் பிரித்தறியும் அந்தத் திறனைத்தான் வாசிப்பின் முதல் படி என்று பயிற்சிகளில் எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். அந்தப் படியில் அவள் ஏறியிருந்தாள், நான்தான் அவளைக் கீழே இறக்கினேன். அந்த வகுப்பில் இருந்த 23 பிள்ளைகளில் 15 பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்று எனக்குத் தெரியவந்தபோது தீபாவளி விடுமுறையே முடிந்துவிட்டது.

அதற்குள் அவர்கள் எல்லாரும் “அ அணில், ஆ ஆடு” என்று ராகத்தோடு ஒப்பிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். பார்வையிட வந்தவர்கள் மகிழ்ந்து போனார்கள். பாட்டை நிறுத்திவிட்டு நடுவில் ஓர் எழுத்தை மட்டும் தொட்டுக் காட்டினால், பிள்ளைகள் முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்துதான் அந்த எழுத்தை அடைந்தார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளையை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். வரிசையைக் கலைத்துக் கேட்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் இதே நோய் வேறு வடிவில் வரும். ஒரு பத்தியைத் தடையில்லாமல் உரக்கப் படிப்பார்கள். “பையை மேசைக்கு அடியில் வை” என்று எழுதிக் கொடுத்து, படித்தபடி செய் என்றால் பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

பல வருடங்கள் கழித்து, வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தபோது, தொடக்க வகுப்புகளில் தாய்மொழிவழிக் கற்பித்தல் பற்றி அதிகாரிகளுக்கு நான்கு பக்கத்தில் ஒரு கொள்கைக் குறிப்பு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். சட்டங்களை எழுதுவது எளிதாக இருந்தது. 1956இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்துதரச் சொல்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவில், பயிற்றுமொழி இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இயலும் இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுமொழி என்றே பேசுகிறது. ‘இயன்றவரை’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் என் வகுப்பின் 15 பிள்ளைகளும் காணாமல் போயிருந்தார்கள்.

வரைவைப் படித்த ஓர் அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நியாயமாக யோசிப்பவர். “டீச்சர், பிலிப்பைன்ஸில் இதையெல்லாம் சட்டமாகவே போட்டு, பன்னிரண்டு வருடம் நடத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிட்டார்களே. நாம் ஏன் அதில் இறங்க வேண்டும்?” என்றார். நான்கு பக்கத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. அன்று அவரிடம் சொன்னதையும், சொல்ல விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பிலிப்பைன்ஸில் 170க்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. அமெரிக்கர் ஆட்சியில் 1901 முதல் பள்ளி என்றால் ஆங்கிலம். அதை முதலில் முறையாகச் சோதித்துப் பார்த்தது இலோய்லோ மாகாணம். 1948 முதல் 1954 வரை, அங்கே கல்விக் கண்காணிப்பாளராக இருந்த ஹோசே அகிலார், முதல் இரண்டு வகுப்புகளுக்கு ஊர்மொழியான ஹிலிகாய்னோனில் பாடம் நடத்தச் செய்தார். அந்தப் பிள்ளைகள் மற்ற பாடங்களில் முந்தினார்கள். மூன்றாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறியதும், முதலிலிருந்தே ஆங்கிலத்தில் படித்தவர்களைச் சில மாதங்களில் எட்டிப்பிடித்தார்கள். 1957இல் நாடு முழுவதும் முதல் இரண்டு வகுப்புகளுக்கு வட்டார மொழி என்று ஆனது. 1974இல் இருமொழிக் கொள்கை வந்து அதைத் துடைத்துவிட்டது. அறிவியலும் கணக்கும் ஆங்கிலத்தில், மற்றவை தேசிய மொழியான பிலிப்பினோவில் என்று மாறியது.

அடுத்த சோதனை லுபுவாகனில் நடந்தது. வட லூசோன் மலைகளில், கலிங்கா என்ற மாகாணத்தில் இருக்கும் சிற்றூர் அது. நம் பழைய கலிங்கத்துக்கும் அந்தப் பெயருக்கும் உறவு இருப்பதாகத் தெரியவில்லை, ஆனாலும் வரைபடத்தில் முதலில் பார்த்தபோது விரல் அங்கேயே நின்றுவிட்டது. அங்கே வீடுகளில் பேசுவது லிலுபுவாகன். பள்ளியில் இருந்ததோ ஆங்கிலமும் பிலிப்பினோவும். 1990களின் கடைசியில் சில பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புகளுக்கு லிலுபுவாகனில் பாடம் தொடங்கினார்கள். வேறு சில பள்ளிகளை ஒப்பிடுவதற்காகப் பழைய முறையிலேயே விட்டார்கள். தாய்மொழியில் படித்த பிள்ளைகள் கணக்கிலும் வாசிப்பிலும் மட்டுமல்லாமல், ஆங்கிலத்திலும் பிலிப்பினோவிலும்கூட அதிக மதிப்பெண் எடுத்தார்கள்.

அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்ததை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வீட்டுமொழி. ஆசிரியர்கள் அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எழுத்துமுறையை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து முடிவு செய்தார்கள். கதைப் புத்தகங்களை ஆசிரியர்களே அந்த மொழியில் எழுதினார்கள். மொழியியலாளர்கள் சோதனை தொடங்குவதற்குப் பத்தாண்டு முன்பிருந்தே அந்த ஊரில் குடியிருந்து வேலை செய்தவர்கள்.

2009இல் கல்வித்துறை தாய்மொழிவழிப் பன்மொழிக் கல்விக்கு ஆணை பிறப்பித்தது. 2012 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் நாடு முழுவதும் தொடங்கினார்கள். 2013இல் அது சட்டமானது. மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழி. முதலில் 12 மொழிகள், பிறகு 19. நூற்றெழுபது மொழிகள் இருக்கும் நாட்டில் பத்தொன்பது என்றால், மீதி மொழிகளின் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய மொழி ‘தாய்மொழி’ என்று கொடுக்கப்பட்டது. லுபுவாகனில் வேர்விட்ட செடியை அடிமண் இல்லாமல் பிடுங்கி நாடெங்கும் நட்டார்கள்.

பாகியோ நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் இருக்கும் பெரிய ஊர், பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து சேர்ந்த இடம். அந்த வட்டாரத்தின் பொதுமொழி இலோகானோ என்பதால் பள்ளிகளுக்கு இலோகானோ என்று தீர்மானித்தார்கள். ஆனால் அங்கே வளரும் பல பிள்ளைகள் வீட்டில் பேசியது டகாலோக். சில வீடுகளில் கன்கனாயும் இபலோயும். அந்தப் பிள்ளைக்கு இலோகானோப் பாடநூல் இன்னொரு வேற்றுமொழிப் புத்தகம். தாய்மொழிக் கொள்கையின் பெயராலேயே தாய்மொழி அல்லாத மொழியில் அவள் எழுத்துக் கற்றாள். என் வகுப்பின் அணில் படத்தை இதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நானும் தாய்மொழியில்தான் கற்பித்துக்கொண்டிருந்தேன். அது என்னுடைய தாய்மொழி.

செபுவில் சிக்கல் வேறு. அங்கே பிள்ளைகள் பேசுவது செபுவானோதான், ஐயமில்லை. ஆனால் அந்த மக்கள் காசு எண்ணும்போதும் மணி சொல்லும்போதும் ஸ்பானிய எண்களைப் புழங்குகிறார்கள். இருபது என்றால் கடையில் ‘பெய்ன்தே’. பாடநூல் எழுதியவர்கள் தூய செபுவானோவைத் தேடி ‘கவ்ஹாஆன்’ என்று அச்சிட்டார்கள். அந்தச் சொல்லைப் பிள்ளைக்கும் தெரியாது, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த தாய்க்கும் தெரியாது. தாய்மொழியில் கணக்கு கடினமாக இருக்கிறது என்று பெற்றோர் புகார் சொன்னார்கள். புத்தகத்தில் இருந்தது அவர்களுடைய வாயில் இருந்த மொழி அல்ல என்பதை அந்தப் புகாருக்குள் யாரும் கேட்கவில்லை. தமிழில் பாடநூல் எழுதுகிறவர்கள் இதை ஒரு முறைக்கு இரண்டு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் ‘தண்ணி’ என்று கேட்டுக் குடித்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளையை முதல் வாரத்திலேயே ‘நீர்’ என்று எழுதச் சொல்கிறோம்.

பிலிப்பைன்ஸின் அரசு ஆய்வு நிறுவனம் பள்ளிகள் இந்தக் கொள்கையை எப்படி நடத்துகின்றன என்று ஆராய்ந்தது. நான்கு அடிப்படை வேலைகளை அளவுகோலாக வைத்தார்கள். உள்ளூர் மொழியில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் எழுதுவது, எழுத்துமுறையை ஆவணப்படுத்துவது, இலக்கணத்தை ஆவணப்படுத்துவது, அகராதி தொகுப்பது. நான்கையும் செய்த பள்ளிகள் பத்தில் ஒன்றுகூட இல்லை. இந்த எண்ணிக்கையைக் கொள்கையை எதிர்த்தவர்கள் நிறையப் பயன்படுத்தினார்கள். எனக்கு அதைப் படிக்கும்போது வேறொன்று தோன்றியது. அகராதி தொகுப்பதும் இலக்கணம் எழுதுவதும் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர் மதிய உணவு இடைவேளையில் செய்கிற வேலையா? அவை சட்டம் வருவதற்குப் பல வருடம் முன்பே, மொழியறிந்தவர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்தி, அரசு செய்திருக்க வேண்டியவை. அவை செய்யப்படாததால், மறுநாள் பாடத்தை முந்தின இரவு தானே மொழிபெயர்த்துக்கொண்டு வகுப்புக்குப் போகும் நிலை பல ஆசிரியர்களுக்கு வந்தது.

2024 அக்டோபர் 10 அன்று, குடியரசுத் தலைவரின் கையெழுத்து இல்லாமலே, 12027ஆம் எண் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழி என்ற கட்டாயம் போனது. பயிற்றுமொழி மீண்டும் பிலிப்பினோவும் ஆங்கிலமும் ஆனது. வட்டார மொழி துணைமொழியாக நின்றது.

அதிகாரி சொன்ன “கைவிட்டுவிட்டார்கள்” இதுதான். ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. ஒரு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தாய்மொழி பேசுகிறவர்களாக இருந்தால் அங்கே தாய்மொழியில் நடத்தலாம். அதற்கு ஐந்து நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள். அந்த மொழிக்கு முறையாக வெளியிடப்பட்ட எழுத்துமுறை வேண்டும். சொல்தொகுதி வேண்டும். கதைப் புத்தகங்கள் வேண்டும். இலக்கண நூல் வேண்டும். அந்த மொழியைப் பேசவும் அதில் கற்பிக்கவும் பயிற்சி பெற்ற ஆசிரியர் அந்தப் பள்ளியில் இருக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. லுபுவாகனில் இருந்தவை இவைதான், ஏறக்குறைய வரிக்கு வரி. 2012இல் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டியதைப் பன்னிரண்டு வருடம் கழித்து, மூடும் சட்டத்தில் விதிவிலக்காக எழுதினார்கள்.

அதிகாரியிடம் நான் அழுத்திச் சொன்ன இன்னொன்று தேர்வு மதிப்பெண் பற்றியது. பல நாடுகளில் நடக்கும் பீசா தேர்வில், 2018ஆம் ஆண்டு, பிலிப்பைன்ஸ் வாசிப்பில் 340 புள்ளிகள் பெற்று, பங்கேற்ற 79 நாடுகளிலும் பகுதிகளிலும் கடைசியாக நின்றது. தாய்மொழிக் கல்வியின் விளைவு இது என்று பலர் பேசினார்கள். அந்தத் தேர்வை எழுதியவர்கள் 15 வயதுப் பிள்ளைகள். 2002இல் பிறந்தவர்கள், ஏறக்குறைய 2008இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். தாய்மொழித் திட்டம் தொடங்கியது 2012இல். அந்தப் பிள்ளைகள் படித்தது பழைய இருமொழிக் கொள்கையில். திட்டத்தின் முதல் அணி 15 வயதை எட்டிய பிறகு நடந்தது 2022ஆம் ஆண்டின் தேர்வு. அதில் வாசிப்புப் புள்ளி 347. ஏற்றம் என்று கொண்டாட ஒன்றுமில்லை, சரிவு என்று சொல்லவும் வழியில்லை. நடுவில் கொரோனாவால் பள்ளிகள் நெடுங்காலம் மூடிக் கிடந்தன. எந்தத் தேர்வை எந்த ஆண்டுப் பிள்ளைகள் எழுதினார்கள் என்று கழித்துப் பார்க்காமல் ஒரு கொள்கையைப் பழிக்கவும் கூடாது, புகழவும் கூடாது.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நான் என்ன செய்ய வேண்டும், அதை எழுதுங்கள்” என்றார். குறிப்பைத் திருத்தி எழுதினேன். அதில் முக்கியமாக இருந்தவை இரண்டு.

முதலாவது, பிள்ளையின் மொழியைப் பிள்ளையிடமே கேட்பது. சேர்க்கைப் பதிவேட்டில் ‘தாய்மொழி’ என்று ஓர் இடம் இருக்கிறது. அதை நிரப்புகிறவர் பெற்றோரிடம் கேட்கிறார், அல்லது கேட்காமலே எழுதுகிறார். பெற்றோர் பள்ளிக்கு எந்த மொழி பிடிக்குமோ அதைச் சொல்கிறார்கள். இருளர் குடும்பங்களில் இருளமொழி பேசும் தாய் ‘தமிழ்’ என்றே சொல்லிவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் இரண்டு வாரத்துக்குள், ஒவ்வொரு பிள்ளையோடும் ஆசிரியர் பத்து நிமிடம் உட்கார வேண்டும். சொற்கள் இல்லாத ஒரு படக்கதையைக் கையில் கொடுத்து, “உன் தங்கைக்கு இந்தக் கதையை எப்படிச் சொல்வாய்?” என்று கேட்க வேண்டும். பிள்ளை எந்த மொழியில் சொல்கிறாள், எந்த மொழியில் வாக்கியம் நீளமாகிறது, எங்கே சொல் கிடைக்காமல் வேறு மொழிக்குத் தாவுகிறாள் என்பதைக் குறிக்க வேண்டும். ஆசிரியருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் ஊர்ப் பெண் ஒருவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லலாம். வகுப்புக்கு ஒரு பக்கம் போதும். மாவட்டத்தின் மொழி என்ன என்று கேட்டுக் கொள்கை வகுத்தால் பாகியோதான் திரும்ப வரும்.

அந்தப் பக்கம் கையில் வந்த பிறகுதான் முடிவெடுக்க முடியும். ஏறக்குறைய வகுப்பு முழுவதும் ஒரே மொழி, அந்த மொழியில் பாடநூல் இருக்கிறது, பேசத் தெரிந்த ஆசிரியரும் இருக்கிறார் என்றால், அங்கே அந்த மொழியையே பயிற்றுமொழி ஆக்குவதற்குத் தடை சொல்லக் காரணமில்லை. எல்லை மாவட்டங்களில் தெலுங்கு, கன்னடவழி அரசுப் பள்ளிகள் நமக்குப் புதியவை அல்ல. அந்தப் பிள்ளைகள் தமிழையும் ஒரு பாடமாகக் கற்பார்கள். வகுப்பு கலந்திருந்தால், என் வகுப்பைப்போல், தமிழ்வழியே நடத்தி, முதல் ஆண்டில் மற்ற மொழியிலிருந்து பாலம் போட வேண்டும். பிள்ளை தன் மொழியில் பதில் சொன்னால் அதைப் பதிலாக ஏற்க வேண்டும். இருளமொழிபோல் எழுத்து மரபு இல்லாத மொழிகளுக்குப் பயிற்றுமொழி என்று அறிவித்துவிட்டுப் புத்தகத்துக்குக் காத்திருப்பது தவறு. முதலில் வாய்மொழிக் கதைகளும் பாடல்களும், தமிழ் எழுத்தில் அச்சிட்ட சிறு கதைப் புத்தகங்களும் வகுப்புக்குள் வரட்டும்.

இரண்டாவது, ஆசிரியர் இடமாறுதல். பிலிப்பைன்ஸில் 1996லேயே, பள்ளி இருக்கும் ஊரில் வசிப்பவருக்குப் பணியமர்த்தத்தில் முன்னுரிமை தரும் சட்டம் வந்தது. ஆனால் ஊரில் வசிப்பதும் ஊரின் மொழியில் பிள்ளைக்குப் பாடம் சொல்வதும் ஒன்றல்ல. நம்முடைய கலந்தாய்வில் பணிமூப்பு பார்க்கிறோம், காலியிடம் பார்க்கிறோம். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியருக்கு அந்த வகுப்பின் மொழி தெரியுமா என்று கேட்க ஒரு கட்டம்கூட விண்ணப்பத்தில் இல்லை. அந்தக் கட்டத்தைச் சேர்க்கும்படி எழுதினேன். மொழி தெரிந்த ஆசிரியர் ஒருவர் மூன்று ஆண்டு அங்கேயே இருந்தால், ஒரே அணிப் பிள்ளைகளை ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு முடியும் வரை கொண்டு போய்விடலாம்.

குறிப்போடு ஒரு பின்னிணைப்பும் வைத்தேன். என் வகுப்புக்காக நான் செய்த உயிரெழுத்துப் படம் அது. தமிழிலும் தெலுங்கிலும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை மட்டும் தேடினேன். இரண்டு மொழிகளும் உறவு என்பதால் தேடல் நீளவில்லை. அ அம்மா, இரண்டிலும் அம்மா. ஆ-வுக்கு ஆறு புள்ளிகள் வரைந்தேன், தெலுங்கில் ‘ஆரு’. இ இட்லி. ஈ-க்குப் பழைய ஈயே போதும், தெலுங்கில் ‘ஈக’. உ உப்பு, இரண்டிலும் உப்பு. ஊ-வுக்கு ஊஞ்சல், தெலுங்கில் ‘ஊயல’. எ-வுக்கு எலி, ‘எலுக்க’. ஏ-வுக்கு ஏழு புள்ளிகள், ‘ஏடு’. ஐ-க்கு ஐந்து, ‘ஐது’. ஒ-வுக்கு ஒட்டகம், ‘ஒண்ட்டெ’. ஓ-வுக்கு ஓடம், ‘ஓட’. ஔ மட்டும் அமையவில்லை, தமிழிலேயே அதற்குப் பிள்ளைக்குத் தெரிந்த சொல் கிடைப்பது அரிது. இந்தப் பட்டியல் தெலுங்குக்குத்தான் ஆகும். கன்னடம் பேசும் ஊருக்கோ இந்தி பேசும் தொழிலாளர் பிள்ளைகள் வரும் திருப்பூருக்கோ வேறு பட்டியல் வேண்டும், சில மொழிகளில் பாதி எழுத்துக்கூடப் பொருந்தாது.

உப்புக்கு என்ன படம் வரைவது என்று தெரியாமல், ஒரு சிறு பொட்டலத்தில் கல் உப்பையே கட்டி அட்டையில் ஒட்டியிருந்தேன். அணிலுக்கு ‘உ’ என்று சொன்ன சிறுமி அதற்குள் இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தாள். புதிய படம் சுவரில் ஏறிய அன்று வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வந்து, பொட்டலத்தைத் தொட்டு, கீழே இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, “உ” என்றாள்.